காலி மண்டபத்து போட்டோவ வச்சு டெக்கரேஷன் முடிவு பண்றப்போ எங்கெல்லாம் சறுக்கும்

கல்யாண மண்டபம் புக் பண்ணினதும் எல்லாரும் பண்ற முதல் வேலை, வாசல்ல நின்னு ஃபோன்ல 0.5 வச்சு ஹால் மொத்தமும் வர்ற மாதிரி ஒரு போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போடறது. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எல்லா முடிவும் அந்த ஒரு போட்டோவ பாத்துதான் நடக்கும், பேக்ட்ராப் எவ்ளோ பெருசு, பூ எங்க, லைட் என்ன கலர்னு எல்லாமே. பிரச்சனை அங்கயே ஆரம்பிச்சிடுது, ஏன்னா அந்த 0.5 லென்ஸ் கிட்ட இருக்கறத ரொம்ப பெருசாவும் தூரத்துல இருக்கறத ரொம்ப சின்னதாவும் காட்டும், ஓரத்துல இருக்கறத இழுத்து வேற விட்டுடும். ஹால் மைதானம் மாதிரி தெரியும், மேடை தீப்பெட்டி மாதிரி தெரியும். உடனே வீட்ல யாராவது "மேடை சின்னதா இருக்கே, பேக்ட்ராப்ப செவுத்துக்கு செவுரு போட்டுடலாம்"னு சொல்லுவாங்க. அங்க போய் நின்னு பாத்தா அந்த மேடைல முப்பது பேர் தாராளமா நிக்கலாம்.

அதனால ஐடியா தேடறதுக்கு முன்னாடி போட்டோவ திரும்ப எடுங்க. 1x-ல வச்சு, ஹாலோட நடு லைன்ல நின்னு, ஃபோன நெஞ்சு உயரத்துல நேரா புடிச்சு எடுக்கணும். மேல பாத்து சாய்ச்சு எடுத்தா தூணெல்லாம் உள்பக்கமா சாய்ஞ்சு தெரியும், அப்புறம் அத வச்சு எதையும் அளக்க முடியாது. முக்கியமா, உயரம் தெரிஞ்ச ஒருத்தர மேடை ஏத்தி பின் செவுத்த ஒட்டி நிக்க வைங்க, அவர்தான் உங்க ஸ்கேல். போட்டோவ பிரிண்ட் போட்டு சாதா ஸ்கேல்லயே அளக்கலாம். உதாரணத்துக்கு அஞ்சரை அடி ஆள் பிரிண்ட்ல 4.4 செ.மீ வர்றார்னா ஒரு அடிக்கு 0.8 செ.மீ. பின் செவுரு அதே பிரிண்ட்ல 19.2 செ.மீ இருந்தா அது 24 அடி. அவ்ளோதான் கணக்கு.

இதுல ஒரு பெரிய பொறி இருக்கு, ஸ்கேலா வைக்கற ஆளும் அளக்கற பொருளும் கேமராவுக்கு ஒரே தூரத்துல இருக்கணும். நிறைய பேர் பக்கத்து செவுத்துல இருக்கற கதவ வச்சு "கதவு ஏழு அடி இருக்கும், அப்போ மேடை இவ்ளோ"ன்னு கணக்கு போடுவாங்க. கதவு 30 அடி தூரத்துலயும் மேடை செவுரு 60 அடி தூரத்துலயும் இருந்தா கதவு போட்டோல ரெண்டு மடங்கு பெருசா விழும், அத வச்சு அளந்தா 24 அடி மேடை 12 அடின்னு வரும். டேப் வச்சு அளக்க முடிஞ்சா அதுதான் பெஸ்ட், ஆனா வெளியூர்ல இருக்கறவங்களுக்கு இந்த பிரிண்ட் வழி போதும், சில இன்ச் முன்ன பின்ன வந்தாலும் பிளான் பண்றதுக்கு பரவால்ல.

அடுத்தது உயரம். போட்டோல மேடைக்கு மேல காலியா நிறைய இடம் தெரியறதால பேக்ட்ராப்ப சீலிங் வரைக்கும் கொண்டுபோகணும்னு தோணும். நம்ம உதாரண ஹால்ல சீலிங் தரையிலருந்து 13 அடி, மேடையே ரெண்டரை அடி, அப்போ மேடை மேல மிச்சம் பத்தரை. அதுல முன்னாடி ஒரு பீம் ஒரு அடி கீழ இறங்கியிருந்தா முன்பக்கம் ஒன்பதரைதான். இதெல்லாம் பாக்காம ஏதோ ஒரு படத்துல பாத்த 12 அடி ஆர்ச்ச ஆர்டர் பண்ணினா, முந்தின நாள் ராத்திரி வேலையாளுங்க அத அறுத்துட்டு இருப்பாங்க.

நுழையற உயரத்த விட முக்கியமான விஷயம், கண்ணுல படற உயரம் எதுன்றது. காலி மேடை போட்டோல பேக்ட்ராப் முழுசும் தெரியும், ஆனா கல்யாணத்தன்னிக்கு அதுக்கு முன்னாடி எப்பவும் ஆள் இருப்பாங்க. சோஃபால உக்காந்தா தலை நாலு அடி கிட்ட வரும், பக்கத்துல குடும்பமா நின்னா ஆறு அடி வரைக்கும் மறைஞ்சிடும். ஆல்பத்துல நிக்கப்போற டெக்கரேஷன்னா அது மேடை தரையிலருந்து அஞ்சு அடிக்கும் எட்டரை அடிக்கும் நடுவுல இருக்கற பட்டைதான். கீழ மூணு அடிக்கு நெருக்கமா பூ அடிச்சு காச கொட்றது பாதி வீண், அந்த பூவ மேல ஏத்தினா அதே பூ ரெண்டு மடங்கு நிறைவா தெரியும். இன்னொரு கொடுமை, பேர் எழுதின போர்டையோ பெரிய வட்டத்தோட நடுப்புள்ளியையோ சரியா தலைக்கு பின்னாடி மாட்டறது, எல்லா போட்டோலயும் மாப்பிள்ளை தலையிலருந்து ஒரு எழுத்து முளைச்சு நிக்கும்.

அகலத்துக்கும் இதே கதைதான். 24 அடி செவுத்த 24 அடிக்கும் ரொப்பினா எங்க பாக்கணும்னே கண்ணுக்கு தெரியாது. அந்த மேடைக்கு நான் நடுவுல 16 அடி அகலம், 9 அடி உயரம்தான் பேக்ட்ராப் சொல்லுவேன், ரெண்டு பக்கமும் மிஞ்சற நாலு நாலு அடிக்கு ஒரே கலர்ல மடிப்பு வச்ச துணி, கீழருந்து மேல அடிக்கற ஒரு லைட். பாக்க காலியா இருக்கும்னு வீட்ல சண்டை வரும், வரட்டும். அந்த வெறும் துணிதான் நடுவுல இருக்கறத எடுத்துக் காட்டும்.

நேரா எடுத்த போட்டோ சுத்தமா மறைச்சிடற ஒண்ணு மேடையோட ஆழம். அதனால பக்கவாட்டுல நின்னு ஒரு போட்டோ கண்டிப்பா எடுங்க. 12 அடி ஆழம்னா கேக்க நிறையத்தான் இருக்கு, ஆனா ஃப்ரேம் காலுக்கும் ஒயருக்கும் பின்னாடி ஒரு அடி, ஃப்ரேம் ஒரு அடி, ஃப்ரேமுக்கும் சோஃபாவுக்கும் நடுவுல மூணு அடி, சோஃபா ரெண்டரை அடின்னு போனா முன்னாடி மிச்சம் நாலரை அடிதான். வாழ்த்த வர்றவங்க லைன் அந்த நாலரை அடிலதான் ஏறி நின்னு போட்டோ எடுத்துட்டு இறங்கணும். இதுல முன்னாடி துருத்திட்டு வர்ற மூணு அடி ஆழ செட்டப் வேணும்னு ஆசைப்பட்டா அந்த ரெண்டு அடி வித்தியாசம் லைன்லருந்துதான் போகும், இல்லன்னா சோஃபாவ பேக்ட்ராப்போட ஒட்டணும். ஒட்டினா எல்லாரோட நிழலும் பின்னாடி பூ மேல கறுப்பா விழும். நடுவுல விட்ட அந்த மூணு அடி சும்மா இல்ல.

இப்போ லைட். என் கணக்குல அதிகம் பேர் ஏமாறறது இங்கதான். மண்டபம் பாக்க போறது பகல்ல, ஜன்னலெல்லாம் திறந்திருக்கும், போட்டோ பளிச்னு வரும். ஃபங்ஷன் நடக்கறது சாயங்காலம்னா அந்த போட்டோவுக்கும் அன்னிக்கு இருக்கப்போற லைட்டுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னொண்ணு, ஃபோன் தானாவே கலர சரி பண்ணிடும், ஹால்ல வெள்ளை டியூப்லைட்டும் மஞ்சள் லைட்டும் கலந்து இருக்கறது போட்டோல அவ்வளவா தெரியாது. டியூப்லைட் பொதுவா 6500K, மஞ்சள் லைட் 3000K பக்கம், ரெண்டும் ஒரே முகத்துல விழுந்தா ஒரு கன்னம் நீலமாவும் ஒரு கன்னம் ஆரஞ்சாவும் இருக்கும், கேமராக்காரர் ஒண்ண சரி பண்ணினா இன்னொண்ணு கெடும். கண்டுபிடிக்க ஈஸி வழி, இருட்டினதுக்கப்புறம் போய் மேடைல ஒருத்தர வெள்ளை பேப்பரோட நிக்க வச்சு, ஒவ்வொரு ஸ்விட்சா தனியா போட்டு ஒவ்வொரு போட்டோ, கடைசில எல்லாத்தையும் போட்டு ஒண்ணு. பேப்பர் ரெண்டு கலரா தெரிஞ்சா அன்னிக்கு எந்த ஸ்விட்ச ஆஃப்ல வைக்கணும்னு அங்கயே எழுதி வச்சுக்கோங்க. இதுக்கு செலவு பூஜ்யம், ஆனா யாரும் பண்றதில்ல.

அதே போட்டோல முகத்தையும் பாருங்க. கண்குழி கறுப்பா, மூக்குக்கு கீழ நிழலோட இருந்தா லைட் நேரா உச்சிலருந்து விழுதுன்னு அர்த்தம். அதுக்கு மருந்து மேல இன்னும் நாலு லைட் சேக்கறது இல்ல, முன்னாடியிலருந்து ரெண்டு லைட் வேணும், மேடைக்கு முன்னாடி ரெண்டு ஓரத்துலயும் ஸ்டாண்ட் வச்சு, நிக்கறவங்க தலைக்கு மேல மூணு நாலு அடி உயரத்துலருந்து சாய்வா. மேடை ரெண்டரை அடின்றத மறக்காதீங்க, ஸ்டாண்ட் ஹால் தரைல நிக்கறதால அதுவும் சேந்து 11, 12 அடி வந்துடும், அவ்ளோ உயரம் போற ஸ்டாண்டான்னு முன்னாடியே கேளுங்க. நீலம் பிங்க்னு கலர் லைட்டெல்லாம் துணி மேல மட்டும் அடிக்கட்டும், மூஞ்சில பட்டா எடிட்டிங்ல எடுக்கறது பெரும்பாடு. பின்னாடி எல்இடி ஸ்க்ரீன் வைக்கறவங்க அதோட பிரைட்னஸ குறைக்க சொல்லுங்க, இல்லன்னா ஸ்க்ரீன் ஜொலிக்கும், முன்னாடி உக்காந்திருக்கறவங்க இருட்டடிச்சு போயிடுவாங்க.

ஹாலுக்கு வந்தா, காலி போட்டோல தரை பெருசா தெரியறதால நடைபாதை ரெண்டு பக்கமும் உயரமான பூ ஸ்டாண்ட் வைக்கணும்னு கை அரிக்கும். உக்காந்திருக்கறவங்க கண்ணு தரையிலருந்து நாலு அடி. அவங்களுக்கு 10 அடி முன்னாடி அஞ்சு அடி ஸ்டாண்ட் ஒண்ணு குறுக்க வந்தா, 50 அடி தள்ளி இருக்கற மேடைல ஒன்பது அடி உயரம் வரைக்கும் அது மறைக்கும், அதாவது சோஃபால உக்காந்திருக்கறவங்க மொத்தமா காலி. நடைபாதைல மூணு அடிக்கு கீழ வைங்க, உயரமானது எல்லாம் செவுத்தோரமா போகட்டும். சேர் போட்டு ஆள் உக்காந்ததும் தரையே தெரியாது, தரை டிசைனுக்கு மண்டைய உடைக்க வேணாம்.

கடைசியா, போட்டோவ பெருசு பண்ணி செவுத்தையும் சீலிங்கையும் மெதுவா பாருங்க. ஏசி காத்து வர்ற வாய், ஃபேன், ப்ளக் பாயின்ட், ஸ்மோக் டிடெக்டர், ஸ்ப்ரிங்ளர், எக்ஸிட் போர்டு, ஃபயர் எக்ஸ்டிங்குஷர் எல்லாத்தையும் பிரிண்ட்ல சிவப்பு பேனால வட்டம் போட்டு டெக்கரேட்டர்ட்ட குடுங்க. ஏசி வாய்க்கு நேரா தொங்கற துணி நாள் முழுக்க ஆடிட்டே இருக்கும், மூடினா ஹால் வேகும். எக்ஸிட் கதவயும் ஸ்ப்ரிங்ளரையும் துணியால மூடறதுக்கு மட்டும் யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, சூடாகற ஹாலஜன் லைட்ட துணிகிட்ட வைக்கறதும் அப்படித்தான். டெக்கரேட்டர் காட்டற மாடல் படத்தையும் இதே பிரிண்ட் மேல, ஒரு அடிக்கு 0.8 செ.மீ கணக்குலயே வரைஞ்சு தரச் சொல்லுங்க, கூடவே அஞ்சரை அடில நாலு ஆள் பொம்மையும் மேடைல வரையச் சொல்லுங்க, அவர் சொல்ற சைஸ் உண்மையிலயே அங்க நிக்குமான்னு அதுலயே தெரிஞ்சிடும்.