கிளவுட் கேம் திக்குவதும் மங்குவதும்: கோளாறு எங்கே என்று கண்டறியும் முறை

அக்கா மகன் பயன்படுத்தும் இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ் திட்டத்தைச் சேர்ந்தது. அவனுடைய லேப்டாப்பில் வேகப் பரிசோதனை செய்தால் 60 எம்பிபிஎஸ் வரை காட்டும். ஆயினும் தொலைவிலுள்ள சர்வரில் ஓடி, படமாக மட்டும் நம் திரைக்கு வரும் கிளவுட் கேமைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் படம் மங்கும், கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அரை நொடி நின்று தாவும். திட்டத்தை 200 எம்பிபிஎஸ்-க்கு மாற்றித் தரும்படி வீட்டில் கேட்கத் தொடங்கியிருந்தான். அதற்கு முன் நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்த சோதனைகளை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேவை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிபோர்ஸ் நவ் என்ற கிளவுட் கேம் சேவைக்கு, 720பி படம் நொடிக்கு 60 பிரேம் வீதம் வர 15 எம்பிபிஎஸ்-உம், 1080பி படம் அதே வீதத்தில் வர 25 எம்பிபிஎஸ்-உம் வேண்டும் என்று என்விடியா நிறுவனம் குறிப்பிடுகிறது. ஆகவே அவனிடம் இருந்த 60 தாராளமாகப் போதும். ஆனால் வேகப் பரிசோதனை காட்டும் எண் பல நொடிகளின் சராசரி என்பதையும், கேமுக்குச் சராசரி பயன்படாது என்பதையும் கவனிக்க வேண்டும். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. 25 எம்பிபிஎஸ்-இல் ஒரு பிரேம் சுமார் 52 கிலோபைட் அளவுடையது. அது நாற்பது சிறு பொட்டலங்கள் அளவில் பிரிந்து வருகிறது. அவற்றில் சில 100 மில்லி நொடி தாமதித்தால் ஆறு பிரேம்களின் நேரம் கடந்துவிடும். யூடியூப் பல நொடிப் படத்தை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்வதால் இத்தகைய தாமதம் கண்ணில் படுவதில்லை. கேமிலோ நீங்கள் அடுத்து எந்தப் பட்டனை அழுத்துவீர்கள் என்பது சர்வருக்குத் தெரியாது. எனவே சேமித்து வைக்க எதுவும் இல்லை.

1. மங்கலா, திக்கலா என்று பிரித்துப் பாருங்கள்

கேமுக்குள் ஓரிடத்தில் அசையாமல் நின்று, திரையில் உள்ள சிறிய எழுத்துகளைப் பாருங்கள். நின்ற நொடியில் படம் தெளிந்து, கேமராவைத் திருப்பும்போது மட்டும் புல்லும் இலைகளும் குழைந்தால், அது பெரும்பாலும் சுருக்கத்தின் இயல்பே. சுருக்காத 1080பி படத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 3,000 மெகாபிட் தேவைப்படும்; அதை 25-க்குள் அடக்கும்போது, திரை முழுவதும் ஒரே நேரத்தில் மாறும் காட்சிகள்தான் முதலில் அடிபடும். நின்ற பிறகும் எழுத்துகள் மங்கலாகவே இருந்தால், பாதை சரியில்லை என்று கருதிய சர்வர், நொடிக்கு அனுப்பும் தரவின் அளவான பிட்ரேட்டையோ படத்தின் அளவையோ குறைத்துவிட்டது என்று பொருள். படம் நின்று தாவுவது பொட்டலங்கள் தாமதமாவதாலோ தொலைவதாலோ வருவது. சர்வர் பிட்ரேட்டைக் குறைப்பதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான் என்பதால், இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

2. ரவுட்டர் வரை மட்டும் அளந்து பாருங்கள்

பலரும் தவறவிடும் சோதனை இதுதான். என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே பயன் அதிகம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, வழக்கமாக விளையாடும் இடத்திலேயே அமர்ந்து இதை அடியுங்கள்:

```
ping -n 100 192.168.1.1
```

அந்த எண் உங்கள் ரவுட்டரின் முகவரி. வேறாக இருந்தால், `ipconfig` என்று அடித்து `Default Gateway` என்ற வரியில் காணும் எண்ணை இடுங்கள். இந்தச் சோதனை இணையத்துக்குள் போவதே இல்லை. லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலான சில மீட்டர் தொலைவை மட்டுமே அளக்கிறது. லேன் கேபிளில் எல்லா விடைகளும் 1 மில்லி நொடி அளவில் வரும். நல்ல வைஃபையில் 2 முதல் 6 வரை வரலாம். அக்கா மகனின் அறையில் எங்களுக்கு வந்தது இப்படி:

```
time=3ms
time=4ms
time=118ms
time=3ms
Request timed out.
time=5ms
time=91ms
```

நூறில் ஒன்பது விடைகள் 80 மில்லி நொடியைத் தாண்டின. இரண்டு வந்து சேரவே இல்லை. சராசரி எடுத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், கேமோ அந்தப் பதினோரு இடங்களில்தான் திக்குகிறது. ஒரு லேன் கேபிளைக் கொண்டுவந்து அதே லேப்டாப்பை ரவுட்டரில் நேராகச் செருகியபோது நூறும் 1 மில்லி நொடியில் வந்தன. திட்டத்தை உயர்த்துவதால் பயனில்லை என்பது அந்த இடத்திலேயே உறுதியாயிற்று.

ஒரு எச்சரிக்கை: வேறு வேலையில் இருக்கும் ரவுட்டர் பிங்குக்குச் சற்றுத் தாமதித்து விடையளிப்பதுண்டு. ஆகவே நூறில் ஓரிரு உயர்ந்த எண்களை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒரே சீரான இடைவெளியில் எண் உயர்ந்தால், லேப்டாப் பின்னணியில் வேறு வைஃபை இணைப்புகளைத் தேடுவது காரணமாக இருக்கலாம்.

3. எந்த அலைவரிசையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள், இந்தப் பகுதியைப் படிக்கவே வேண்டாம். முடியாதவர்கள் இந்தக் கட்டளையைக் கொடுத்து `Channel` என்ற வரியைப் பார்க்கலாம்:

```
netsh wlan show interfaces
```

அங்கே 1 முதல் 13 வரையிலான எண் இருந்தால், நீங்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறீர்கள். 36-ம் அதற்கு மேலும் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ். முன்னதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுத்த வீடுகளின் ரவுட்டர்களும் புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அந்தக் குறுகிய இடத்திலேயே முண்டியடிக்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பதே வைஃபையின் ஒழுங்கு என்பதால், அந்தக் காத்திருப்புத்தான் 118 மில்லி நொடியாக நமக்குத் தெரிகிறது.

எங்களுக்கு வந்த எண் 6. இரண்டு அலைவரிசைகளுக்கும் ரவுட்டரில் ஒரே பெயர் வைத்திருந்ததால், லேப்டாப் சிக்னல் வலுவாகத் தெரிந்த 2.4-ஐயே பிடித்துக்கொண்டிருந்தது. ரவுட்டரின் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுத்து அதில் இணைத்தோம். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடக்கும்போது அதிகம் வலுவிழக்கும். டிவிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரவுட்டரை அறை வாசலுக்கு நேரான அலமாரியின் மேல் மாற்றிய பிறகே, நூறு விடைகளும் 2-க்கும் 7-க்கும் இடையே நின்றன.

4. பதிவேற்றம் நடக்கும்போது அளந்து பாருங்கள்

படம் தெளிந்தது; திக்கலும் நின்றது. இரவு ஒன்பது மணிக்கு மட்டும் திரும்ப வந்தது. இம்முறை வீட்டுக்கு வெளியே, இணையத்தில் உள்ள கூகுளின் பொது சர்வர் வரை அளந்தோம்:

```
ping -n 60 8.8.8.8
```

வழக்கமாக 20 அளவில் வரும் விடை 300-ஐத் தாண்டியது. அந்த நேரத்தில் அக்காவின் போன் அன்றைய புகைப்படங்களையும் வீடியோக்களையும் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. வெளியே போகும் பாதை நிரம்பியதும் ரவுட்டர் பொட்டலங்களை வரிசையில் நிறுத்திவிடுகிறது. கேமின் பட்டன் அழுத்தங்களும், படம் வந்து சேர்ந்ததா என்று சர்வருக்குச் சொல்லும் தகவல்களும் அதே வரிசையின் கடைசியில் நிற்கின்றன. பதிவேற்றத்தை நள்ளிரவுக்கு மாற்றினோம். ரவுட்டரில் போக்குவரத்தை முறைப்படுத்தும் கியூஓஎஸ் வசதி இருந்தால், பதிவேற்ற வேகத்துக்கு இணைப்பின் திறனில் 85 முதல் 90 விழுக்காடு வரை உச்சவரம்பு வைத்தாலும் வரிசை சேராது.

கேபிளில் இணைத்து, வீட்டில் வேறு எதுவும் ஓடாதபோதும் இந்த இரண்டாவது பிங் துள்ளினால் கோளாறு வீட்டுக்கு வெளியே இருக்கிறது. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் எடுத்த விடைகளைச் சேமித்து இணைப்பு தருபவரிடம் காட்டுங்கள். எண் துள்ளாமல், ஆனால் எப்போதும் 80-க்கு மேலேயே நின்றால் அது பெரும்பாலும் தொலைவின் விளைவு. ஒளியிழையில் 1,000 கிலோமீட்டர் போய்வரவே 10 மில்லி நொடி ஆகும் என்பதால், சேவையின் அமைப்பில் அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை.