பூட்லோடரைத் திறப்பதை விட பூட்டுவதில்தான் ஆபத்து

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சின்ன சர்வீஸ் கடைக்கு உயிர் போன போன்கள் வருவது புதிதில்லை. சில்வர் பீச்சில் உப்புத் தண்ணீர் குடித்தது, பஸ்ஸில் நசுங்கியது, பாக்கெட்டிலிருந்து மாடிப்படியில் உருண்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். ஆனால் "நானேதான் கெடுத்துட்டேன் அண்ணே" என்று தலையைச் சொறிந்துகொண்டு வருகிறவர்கள் தனி ரகம். அவர்களில் பாதிப் பேர் போனை ரூட் செய்ய, அதாவது கம்பெனி தராத முழு அதிகாரத்தையும் தாங்களே எடுத்துக்கொள்ளப் போனவர்கள்.

அப்படி ஒருவன் பாகூரிலிருந்து வந்தான். புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறான். போனை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தில் "Your device is corrupt. It can't be trusted and will not boot" என்று வந்து நின்றுவிடுகிறது. என்னடா செய்தாய் என்று வரிசையாகக் கேட்டேன். அவன் செய்த ஒவ்வொன்றும் பலரும் செய்கிற தவறுதான் என்பதால் அதே வரிசையில் சொல்கிறேன்.

எதற்காக ரூட் செய்தாய் என்று முதலில் கேட்டேன். போனோடு வந்த வேண்டாத ஆப்கள் விளம்பரமாக அனுப்பிக்கொண்டே இருந்தனவாம், அவற்றை நீக்கத்தானாம். அதற்கு ரூட்டே வேண்டாம். போனில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, adb கருவி உள்ள கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகி, இந்த ஒரு வரியை அடித்தால் போதும்:

```
adb shell pm uninstall --user 0 com.example.app
```

கடைசியில் வருவது அந்த ஆப்பின் பேக்கேஜ் பெயர். இது ஆப்பைப் போனிலிருந்து முழுதாக அழிப்பதில்லை, உங்கள் கணக்கிலிருந்து மட்டும் எடுத்துவிடும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்ப வந்துவிடும். கைக்கு வந்ததையெல்லாம் நீக்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். போன் ஸ்டார்ட் ஆகத் தேவையான ஒன்றையும் சேர்த்துத் தூக்கிவிட்டால் அதற்கும் என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.

ரூட்டும், கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக வேறு ஆண்ட்ராய்டு போடுகிற கஸ்டம் ரோமும் வீண் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய போனில் லினியேஜ் ஓஎஸ் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். என் வீட்டிலேயே அப்படி ஒன்று பாட்டுப் பெட்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். கஸ்டம் ரோம் ஆண்ட்ராய்டைத்தான் புதுப்பிக்கும். மோடம், சிப் ஆகியவற்றின் உள் மென்பொருளில் உள்ள ஓட்டைகளை அடைப்பது கம்பெனியின் வேலை, அது நின்றது நின்றதுதான். செட்டிங்ஸில் செக்யூரிட்டி தேதி போன மாதத்தைக் காட்டும், பக்கத்திலேயே வெண்டார் தேதி மூன்று வருடம் பின்னால் நிற்கும்.

சரி, பையன் கதைக்கு வருவோம். போன் ஆன் ஆனதும் ஆண்ட்ராய்டை ஏற்றிவிடும் சின்ன மென்பொருள்தான் பூட்லோடர், ரூட் செய்ய முதலில் அதன் பூட்டைத் திறக்க வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "OEM unlocking" என்பதை ஆன் செய்து, கேபிள் வழியாகக் கட்டளை வாங்கும் ஃபாஸ்ட்பூட் திரைக்குப் போய் `fastboot flashing unlock` கொடுத்திருக்கிறான். அந்த நிமிடமே போனில் இருந்தது எல்லாம் அழிந்துவிட்டது. போட்டோக்களை லேப்டாப்பில் எடுத்து வைத்திருந்தான், வாட்ஸ்அப் சாட்டை மறந்துவிட்டான். இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் போனைத் திருடியவன் பூட்லோடரைத் திறந்து உள்ளே நுழைந்தாலும் அவனுக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்பதற்காகத் திறக்கும்போதே தகவலையெல்லாம் துடைத்துவிடுகிறது. எல்லா போனிலும் இதே கட்டளை வேலை செய்யாது. சில கம்பெனிகள் கோட் வாங்கச் சொல்லும், சில கம்பெனிகள் நாள்கணக்கில் காக்க வைக்கும், சில கம்பெனிகள் திறக்கவே விடாது.

அடுத்தது ரூட் அதிகாரம் தரும் மேஜிஸ்க். போன் ஆன் ஆகத் தேவையான மென்பொருள் அடங்கிய பூட் இமேஜ் என்ற கோப்பை எடுத்து, மேஜிஸ்க் ஆப்பில் பேட்ச் செய்து, திரும்ப போனுக்குள் எழுத வேண்டும். அந்த இமேஜ் உங்கள் போனில் இப்போது ஓடுகிற அதே பில்டுடையதாக, அதாவது அதே மென்பொருள் பதிப்புடையதாக இருக்க வேண்டும். மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்து போன மாதத்துப் பில்டின் இமேஜைப் போட்டால், போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் ஆன் ஆகும், வைஃபையோ டச்சோ வேலை செய்யாது. பில்ட் நம்பரைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் போன் அனுமதித்தால், எழுதுவதற்கு முன் ஒரு முறை தற்காலிகமாக ஓட்டிப் பார்ப்பது நல்லது:

```
fastboot boot magisk_patched.img
```

இது எதையும் எழுதாது. தவறாகப் போனால் ரீஸ்டார்ட் செய்யுங்கள், பழையபடி வந்துவிடும். ஆண்ட்ராய்டு 13-உடன் வெளிவந்த பல போன்களில் பேட்ச் செய்ய வேண்டியது `boot.img` இல்லை, `init_boot.img`. அதற்கு இந்தச் சோதனை உதவாது.

பையன் இதைச் சரியாகவே செய்திருந்தான். சனிக்கிழமை ரூட் ஆகிவிட்டது, ஞாயிறு முழுவதும் ஒரே குஷி. திங்கட்கிழமை காலை புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுப் பணம் அனுப்பப் போனால் ஆப் திறக்கவில்லை. போன் பாதுகாப்பாக இல்லை என்று ஒரு வரி காட்டி மூடிக்கொண்டதாம். கையில் காசும் இல்லை. டீக்கடைக்காரர் தெரிந்தவராக இருந்ததால் தப்பித்தான்.

சாயங்காலம் மேஜிஸ்கை அன்இன்ஸ்டால் செய்து பார்த்திருக்கிறான். அப்போதும் ஆப் திறக்கவில்லை. பலருக்கும் குழப்பம் இங்கேதான். வங்கி ஆப்கள் ரூட் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. பூட்லோடர் திறந்திருக்கிறதா என்று போனின் சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியையே கேட்க முடியும். கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி வழியாக அந்தப் பதில் கையெழுத்தோடு வரும். இதை மறைப்பதற்கென்று மேஜிஸ்கோடு சேர்த்துப் போடுகிற மாட்யூல்கள் இருக்கின்றன, இன்றைக்கு வேலை செய்வது அடுத்த மாதம் செய்யாது. அதோடு, ஊர் பேர் தெரியாதவர் டெலிகிராமில் போட்ட மாட்யூலுக்கு ரூட் அதிகாரம் கொடுத்துவிட்டு அதே போனில் வங்கி ஆப்பைத் திறப்பது, வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுத்துவிட்டுப் பீரோவைப் பூட்டுவது போல. ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்பின் தகவலை இன்னொரு ஆப் தொட முடியாது என்பதுதான் அடிப்படைக் காவல். ரூட் கிடைத்த ஆப்புக்கு அந்தச் சுவரே கிடையாது.

திறந்ததுதானே பிரச்சினை, பூட்டிவிடுவோம் என்று பையன் முடிவு செய்தான். `fastboot flashing lock` கொடுத்தான். சிவப்பு எழுத்து வந்துவிட்டது.

பூட்டிய போன் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் பூட் இமேஜ் கம்பெனி கையெழுத்திட்டதுதானா என்று சரிபார்க்கும். திறந்திருக்கும்போது ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு விட்டுவிடும், பூட்டிய பிறகு விடாது. மேஜிஸ்கை நீக்கும்போது பழைய இமேஜ் முழுதாகத் திரும்பாமல் ஆப் மட்டும் போயிருக்கிறது. பேட்ச் செய்த இமேஜ் அங்கேயே இருந்தது. கஸ்டம் ரோம் போட்டவர்கள் பூட்டினாலும் பெரும்பாலான போன்களில் இதே கதிதான். சொந்தச் சாவியை ஏற்றிப் பூட்ட விடுகிற கூகுள் பிக்சல் போன்ற சில போன்கள்தான் விதிவிலக்கு.

பையன் அறியாமல் ஒரு நல்லது செய்திருந்தான். "OEM unlocking" சுவிட்சைத் திரும்ப ஆஃப் செய்யவில்லை. இந்தக் கட்டளைதான் எனக்கு அதைச் சொன்னது:

```
fastboot flashing get_unlock_ability
```

1 என்று பதில் வந்தால் திரும்பத் திறக்கலாம். 0 என்றால் திறக்க வழியில்லை. அந்தச் சுவிட்ச் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது, செட்டிங்ஸுக்குப் போக போன் ஆன் ஆக வேண்டும், போன் ஆன் ஆகாது. அதன் பிறகு கம்பெனியின் சர்வீஸ் சென்டர்தான். சில நேரம் போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

அவனுக்கு 1 வந்தது. திரும்பத் திறந்து, கம்பெனி வெளியிட்ட முழு ஃபேக்டரி பேக்கேஜை அவன் மாடலுக்கும் அவன் பில்டுக்கும் பார்த்து எடுத்து, எல்லாப் பகுதியையும் எழுதினேன். பழைய பில்டுக்கு இறக்கவில்லை, சில போன்களில் பழையதற்கு இறங்கினாலே ஆன்டி ரோல்பேக் என்ற காவல் போனை முடக்கிவிடும். எழுதியதும் உடனே பூட்டவில்லை. பூட்லோடர் திறந்தபடியே ஒரு முறை முழுதாக ஆன் செய்து, சிம், வைஃபை, கேமரா எல்லாம் பார்த்தேன். அப்புறம்தான் பூட்டினேன். பூட்டிய போன் நன்றாக ஆன் ஆன பிறகே அந்தச் சுவிட்சை ஆஃப் செய்யச் சொன்னேன். பூட்டும்போதும் தகவல் ஒரு முறை அழியும் என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டேன். மறுநாள் பணம் அனுப்பும் ஆப் வேலை செய்வதாக போன் செய்தான்.

ஷாவ்மி போன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மி ஃப்ளாஷ் கருவியைத் திறந்தால் அடியில் "clean all and lock" என்பது தானாகவே தேர்வாகி இருக்கும். அதைக் கவனிக்காமல் ஃப்ளாஷ் அழுத்தினால் எழுதி முடித்ததும் பூட்டிவிடும். சீனாவில் விற்ற போனில் வேறு நாட்டு ரோம் போட்டிருந்தால் அதோடு முடிந்தது. "clean all" என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

வாரண்டியைப் பற்றிக் கேட்டான். பூட்டிவிட்டால் தெரியாதே என்றான். கம்பெனிக்கு கம்பெனி விதி வேறு. கோட் வாங்கித் திறக்கிற போன்களில் நீங்கள் கேட்டது அவர்கள் சர்வரிலேயே பதிவாகியிருக்கும். சாம்சங்கில் இன்னும் கடுமை. கையெழுத்தில்லாத இமேஜை ஏற்றினால் உள்ளே நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் ஃப்யூஸ் ஒன்று எரிந்து 0x0 என்பது 0x1 ஆகிவிடும். அது மின்சார ஃப்யூஸ் போல, எரிந்தது எரிந்ததுதான். பழைய மென்பொருளைப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் அந்தப் போனில் இனி வராது. சாம்சங் போனைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் டவுன்லோட் மோடில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பையன் பழைய போன் ஒன்றைக் கொண்டுவந்து அதில் லினியேஜ் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறான். அதில் வங்கி ஆப் எதுவும் இல்லையே என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கி வைத்தேன்.