வில்லங்கச் சான்றில் தெரியாமல் போன 40 சென்ட்

சொந்த ஊரில் 1.20 ஏக்கர் புஞ்சை வாங்க முன்பணம் கொடுத்த பிறகு, அதில் விற்பவரின் அக்காவுக்கும் பங்கு உண்டு என்று பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார். பட்டா விற்பவர் பெயரில் மட்டுமே இருந்தது. 112/3B என்ற சர்வே எண்ணுக்கு 30 ஆண்டுகளுக்கு எடுத்த வில்லங்கச் சான்றிலும் எதுவும் இல்லை. அதே எண்ணுக்கு இன்னும் பின்னோக்கித் தேடியதில் மூன்று நாள் வீணானது.

பிறகுதான் தாய்ப்பத்திரத்தில் எண் வெறும் 112/3 என்றிருப்பதைக் கவனித்தேன். உட்பிரிவு 2009இல்தான் ஆகியிருந்தது. தேடல், கொடுத்த எண்ணில் பதிவானதை மட்டுமே காட்டும் என்பதால், அதற்கு முந்தைய ஆவணங்கள் பழைய எண்ணிலேயே தங்கிவிட்டன. 112/3க்கு மனுச் செய்ததும், தந்தை 1998இல் மகளுக்கு 40 சென்ட் எழுதிக்கொடுத்த தானசெட்டில்மெண்ட் வெளிவந்தது. அதைக் கொண்டு பட்டா மாற்றப்படவே இல்லை.

அந்த அக்காவையும் விற்பவராகச் சேர்த்து, அவருக்குரிய தொகையை அவர் கணக்கிலேயே செலுத்திக் கிரையம் முடித்தேன். அவர் இசையாதிருந்தால் 80 சென்ட்டைக்கூட, அளந்து எல்லை பிரிக்காமல் வாங்கியிருக்க மாட்டேன். பங்குச் சிக்கலுள்ள நிலத்தை மறுபடி விற்பது மிகக் கடினம்.