எந்தக் கடையில் எது தீர்ந்துவிட்டது? ஒரே பார்வையில் காட்டும் ஹீட்மேப்

பத்துக் கடைகளின் இருப்பு அறிக்கையைப் பட்டியலாகப் படித்தால், எது எங்கே தீர்ந்திருக்கிறது என்பது மனதில் நிற்காது. பொருட்களைக் கீழ்நோக்கியும் கடைகளைக் குறுக்காகவும் வைத்து, கட்டங்களுக்கு வண்ணம் கொடுத்துவிட்டால் சட்டென்று தெரியும். இதற்கு எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும்.

வண்ணம் பூசுவது சுலபம். கட்டத்துக்குள் என்ன எண் வரவேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இருக்கும் எண்ணிக்கையை அப்படியே போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். வேகமாக விற்கும் பொருளில் 20 இருந்தாலும் நாளைக்கே தீரலாம், மெதுவாக விற்கும் பொருளில் 3 இருந்தால் ஒரு மாதம் ஓடும். அதனால் நாம் போடப்போவது, இன்றைய இருப்பு இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்ற கணக்கு.

முதலில் தரவு

`Stock` என்று ஒரு தாள் திறந்து, A-யில் கடை, B-யில் பொருள், C-யில் இன்றைய இருப்பு, D-யில் கடந்த 28 நாள் விற்பனை, E-யில் அந்த 28 நாளில் இருப்பு இருந்த நாட்கள் என்று வையுங்கள்.

A, B இரண்டையும் இருப்பு அறிக்கையிலிருந்து எடுக்காதீர்கள். பல மென்பொருட்கள் இருப்பு பூஜ்யமான பொருளை அறிக்கையிலிருந்தே விட்டுவிடும். அப்படியானால் நாம் தேடும் பொருளே தாளில் இருக்காது! எந்தக் கடையில் எதெல்லாம் விற்கவேண்டும் என்று முடிவான பொருள் பட்டியல் ஒன்று இருக்குமே, அதிலிருந்து A, B-யை நிரப்புங்கள். இருப்பை அதற்கு எதிரே கொண்டுவாருங்கள், அறிக்கையில் கிடைக்காதவற்றுக்கு 0 போடுங்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிகளை `TRIM` போட்டு நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இருக்கும் பொருளும் பூஜ்யமாகத் தெரியும்.

எத்தனை நாளுக்கு வரும்?

F2-வில் தேடுவதற்கான சாவி, G2-வில் நாள் கணக்கு. இரண்டையும் கடைசி வரிவரை இழுத்துவிடுங்கள்:

```
=B2&"|"&A2
=IF(C2<=0,0,IF(OR(D2=0,E2=0),"பார்",ROUNDUP(C2/(D2/E2),0)))
```

விற்பனையை 28-ஆல் வகுக்காமல் E-யால் வகுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கடையில் பேட்டரி 6 இருக்கிறது, 28 நாளில் 8 விற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 28-ஆல் வகுத்தால் இன்னும் 21 நாளுக்கு வரும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அந்த 28 நாளில் பேட்டரி இருந்ததே 8 நாள்தான், மீதி நாளெல்லாம் ரேக் காலி. இருந்தபோது நாளுக்கு ஒன்று விற்றிருக்கிறது, ஆக உண்மையில் 6 நாளுக்குத்தான் வரும். அடிக்கடி தீரும் பொருளுக்கு விற்பனை குறைவாகத் தெரியும், குறைவாகத் தெரிவதால் ஆர்டரும் குறையும், மறுபடி தீரும். அந்தச் சுழற்சியை உடைப்பது இந்த E நெடுவரிசைதான்.

`ROUNDUP` போட்டதும் காரணத்தோடுதான். சாதாரண `ROUND` போட்டால் 0.3 நாள் என்பது 0 ஆகி, தீராத பொருள் தீர்ந்ததாகக் காட்டும்.

அப்புறம் அந்த "பார்". இருப்பு இருப்பதாகக் கணினி சொல்கிறது, ஆனால் 28 நாளாக ஒன்றுகூட விற்கவில்லை. பொருள் உடைந்தோ திருடுபோயோ பின்னறையில் மறந்தோ கிடக்கலாம். கணக்கில் இருக்கிறது, வாடிக்கையாளர் கைக்கு எட்டவில்லை. அவருக்கு இதுவும் தீர்ந்ததுபோல்தான்.

கட்டம் போடுவோம்

`Map` என்று இன்னொரு தாள். A2-விலிருந்து கீழே பொருட்கள், B1-லிருந்து குறுக்கே கடைகள். B2-வில் இதைப் போட்டு எல்லாக் கட்டங்களுக்கும் இழுத்துவிடுங்கள்:

```
=XLOOKUP($A2&"|"&B$1,Stock!$F:$F,Stock!$G:$G,"")
```

அந்தக் கடையில் விற்காத பொருளுக்குக் கட்டம் வெறுமையாக நிற்கும், தீர்ந்த பொருளுக்கு 0 வரும். இந்த இரண்டும் கலந்துவிட்டால் ஹீட்மேப் முழுக்கப் பொய்யான சிவப்பு. (`XLOOKUP` பழைய எக்ஸெல்லில் கிடையாது, 2021 அல்லது அதற்குப் பிந்தையது, இல்லையேல் 365 வேண்டும்.)

வண்ணம்

கட்டங்களை B2-விலிருந்து தேர்ந்தெடுத்து, `Conditional Formatting`-இல் ஃபார்முலா மூலம் விதி கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். நான்கு விதிகள்:

```
=B2=""                      சாம்பல்
=B2="பார்"                  ஊதா
=AND(ISNUMBER(B2),B2=0)     அடர் சிவப்பு
=AND(ISNUMBER(B2),B2>0,B2<=4)   ஆரஞ்சு
```

இங்கே 4 என்பது ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்துசேர ஆகும் நாட்கள். உங்களுக்கு எத்தனையோ அதைப் போடுங்கள். மற்றக் கட்டங்களை வெள்ளையாகவே விடுங்கள்.

தயாராகக் கிடைக்கும் வண்ணச் சரிவு, அதாவது `Color Scale`, இந்த வேலைக்கு ஆகாது. எங்கோ ஒரு பொருள் 400 நாளுக்குக் குவிந்து கிடந்தால் போதும், இருவண்ணச் சரிவில் 2 நாளும் 12 நாளும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிடும்.

எப்படிப் படிப்பது?

ஒரு மாதிரி:

| | கடை 1 | கடை 2 | கடை 3 | கடை 4 |
|---|---|---|---|---|
| பேட்டரி | 0 | 6 | 0 | 0 |
| பல்ப் | 12 | 9 | 0 | |
| பல் துலக்கி | 31 | 3 | 0 | 22 |
| சோப் | 8 | 14 | 2 | பார் |
| கேபிள் | 18 | | 0 | 11 |

பேட்டரி வரிசையில் நான்கில் மூன்று சிவப்பு. ஒரு பொருள் பல கடைகளில் ஒரே நேரத்தில் தீர்ந்தால் சிக்கல் கடைகளிடம் இல்லை, மேலே இருக்கிறது. உடனே சப்ளையருக்கு ஃபோன் போடாமல் முதலில் கிடங்கு இருப்பைப் பாருங்கள். கிடங்கில் பேட்டரி இருந்தால் சப்ளையர் மேல் தவறில்லை, பிரித்து அனுப்புவதில்தான் கோளாறு.

கடை 3 மேலிருந்து கீழ்வரை சிவப்பு, மிச்சமிருக்கும் சோப்பும் 2 நாளுக்குத்தான். நான்கு வெவ்வேறு பொருட்கள் ஒரே கடையில் தானாகச் சேர்ந்து தீராது. வண்டி போகவில்லையா, ஆர்டர் அனுப்பப்படவில்லையா, வந்த சரக்கு கணினியில் ஏற்றப்படவில்லையா என்று கேளுங்கள். கடைசியில் சொன்னதுதான் காரணம் என்றால் ரேக்கில் பொருள் இருக்கும், எண்தான் பொய். அதற்குப் புது ஆர்டர் போட்டால் சரக்கு இரட்டிப்பாகும்.

கடை 2-இல் பல் துலக்கி மட்டும் ஆரஞ்சு. பக்கத்தில் கடை 1-இல் 31 நாளுக்கு இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு அளவு கடை 2-க்குத் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கலாம். இப்போதைக்குக் கடை 1-இலிருந்து கொஞ்சம் மாற்றி அனுப்பினால் போதும்.

கடை 4-இன் சோப் "பார்". மற்ற மூன்று கடைகளிலும் சோப் விற்கிறது, இங்கே மட்டும் 28 நாளாக ஒன்றுமில்லை. யாரையாவது ரேக்கில் போய்க் கையால் எண்ணச் சொல்லுங்கள். எல்லாக் கடையிலும் "பார்" வந்திருந்தால் கதை வேறு, அந்தப் பொருளே ஓடாத சரக்கு.

இந்த வடிவங்கள் கண்ணில் பட வேண்டுமானால் சிவப்புகள் ஒன்றாக நிற்கவேண்டும். கடைசிக் கடைக்கு அடுத்த நெடுவரிசையில் `=COUNTIF(B2:E2,0)` போட்டு, கீழே இழுத்து, அதிகத்திலிருந்து குறைவாகப் பொருட்களை வரிசைப்படுத்துங்கள். கடைகளை இடம் மாற்ற, முதல் வரியில் பெயர்களை வேறு வரிசையில் தட்டினாலே போதும், ஃபார்முலா மீதியைக் கொண்டுவந்துவிடும். பொருட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இந்த எண்ணிக்கை பூஜ்யமாக உள்ளவற்றை ஃபில்டர் செய்து மறைத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் ஆரஞ்சும் ஊதாவும் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், இந்த ஃபில்டரில் அவையும் மறைந்துபோகும்.

எல்லாக் கடைகளின் இருப்பையும் ஒரே நேரத்தில், முடிந்தால் இரவு கடை மூடியபின் எடுங்கள். ஒரு கடையின் எண் காலையிலும் இன்னொன்றின் எண் மாலையிலும் எடுத்ததாக இருந்தால், அன்றைய விற்பனையும் அன்று இறங்கிய சரக்கும் ஒரு பக்கம் மட்டும் சேர்ந்து, இல்லாத வித்தியாசத்தை வண்ணமாகக் காட்டும்.