கீமோ முடிஞ்ச கூட்டாளியோட திரும்பக் கதைக்கேக்க நாங்கள் விடுற பிழையள்

தெல்லிப்பழையிலயோ மகரகமவிலயோ கீமோ ஏத்தி முடிஞ்சு ஆள் வீட்ட வந்திட்டா, எங்கட சனத்துக்கு அதோட கதை முடிஞ்சுது. வாட்டில கிடக்கேக்க அப்பிளும் ஹோர்லிக்ஸும் வைக்க இடமிருக்காது, மருந்து முடிஞ்சு நாலாம் மாசம் விறாந்தையில தனிய இருக்கேக்க ஒருத்தரையும் காணக் கிடைக்காது. ஆனா தனிமை கூடுதலா கடிக்கிறது அப்பதான், ஏனெண்டா மற்ற எல்லாரும் வேலை, கலியாணம், பிள்ளை எண்டு ஓடிக்கொண்டிருக்கினம், இவர் மட்டும் நிண்ட இடத்திலயே நிக்கிற மாதிரி.

மருந்து முடிஞ்சா களைப்பும் முடிஞ்சுது எண்டு நினைக்கிறது பெரிய பிழை. கீமோவால வாற களைப்பு கனமாசம் இழுக்கும், சிலருக்கு வருசத்துக்கு மேலயும் போகும், நல்லா நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாது. சில மருந்துக்கு விரல் நுனி விறைச்சுப்போய் போனில ரைப் பண்ணுறதே பாடாயிருக்கும், சிலருக்கு கதைச்சுக்கொண்டிருக்கேக்கயே சொல்ல வந்தது மறந்துபோகும். இது தெரியாமத்தான் "மெசேஜைப் பாத்திட்டும் பதில் போடேல்ல, ஆளுக்கு எங்களைப் பிடிக்கேல்ல போல" எண்டு நாங்களா ஒரு முடிவெடுத்து விலகிறம்.

கொக்குவிலில ஒரு பெடியன், நிணநீர்க்கணுப் புற்றுநோய்க்கு ஆறு தரம் மருந்து ஏத்தி முடிச்சவன் எண்டு வையுங்கோ. கூடப்படிச்ச ஒருத்தன் கனநாளைக்குப் பிறகு இப்பிடி எழுதுறான்: "மச்சான் சொறிடா, வேலை தலைக்கு மேல, உன்னை நினைக்காத நாளில்லை, ஏதும் தேவையெண்டா சொல்லு, கட்டாயம் சந்திப்பம்." நல்ல மனசோட எழுதினதுதான். ஆனா இதுக்கு என்ன பதில் போடுறது? முதல்ல "அது பரவாயில்லையடா" எண்டு இவன்தான் அவனைத் தேற்ற வேணும், பிறகு என்ன தேவை எண்டு யோசிச்சு வெக்கத்தை விட்டுக் கேக்க வேணும், நாளையும் இவனே குறிக்க வேணும். களைச்சுப்போனவனுக்கு மூண்டு வேலை. அதால "ஓம் மச்சான், சுகமா இருக்கிறன்" எண்டு போட்டிட்டு போனைக் கவிட்டு வைப்பான்.

அதையே இப்பிடி எழுதிப் பாருங்கோ: "மச்சான், கனநாள் கதைக்கேல்ல, பிழை என்னில. சனிக்கிழமை நாலரைக்கு வீட்டடிக்கு வாறன், அரை மணித்தியாலம் இருப்பன். ஏலாட்டி ஒரு கை எமோஜி மட்டும் போட்டுவிடு, அடுத்த சனி வாறன்." மன்னிப்பு ஒரு வரி, நாள் நேரம் உங்கட, மறுக்கிறதுக்கு விரலால ஒரு தட்டு. ரைப் பண்ணக் கஷ்டமெண்டா வொயிஸில சொல்லட்டும்.

அரை மணித்தியாலம் எண்டா அரை மணித்தியாலம்தான். அவன் "இரடா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" எண்டுதான் சொல்லுவான், எங்கட வீடுகளில வேறென்ன சொல்லுவினம், ஆனா பதில் சின்னனாகுது, சுவரில சாயுறான் எண்டா எழும்புங்கோ. எழும்பேக்க அடுத்த நாளைச் சொல்லிப்போட்டு எழும்புங்கோ. தடிமனோ இருமலோ இருந்தா அண்டைக்குப் போகவே வேண்டாம். வாய்க்குள்ள தகரம் மாதிரி ருசி கன நாளைக்கு நிக்கலாம், சாப்பாடு கொண்டு போறதெண்டா என்ன பிடிக்குது எண்டு முதலே கேளுங்கோ. பப்பாசி இலைச்சாறு, கசாயம், யூரியூப் வைத்தியம் ஒண்டும் வேண்டாம். "எங்கட மாமாவுக்கும் இதே வருத்தம்தான்" எண்டு தொடங்குற கதையள் அனேகமா செத்தவீட்டில போய்த்தான் முடியும், அதையும் விடுங்கோ.

அடுத்தது, பாவம் பாத்து அவனுக்குப் பதிலா நாங்களே முடிவெடுக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போக குரூப்பில கதை எழும்பும், "அவனுக்கு ஏலாதடா" எண்டு தனிய வேறொரு குரூப் தொடங்கி போயிட்டு வருவினம், அவன் அதை ஸ்டேட்டஸில பாப்பான். மருந்து ஏத்துற காலத்தில, ஒவ்வொரு தரமும் ஏத்தி ஒண்டு ரெண்டு கிழமைக்குள்ள இரத்தத்தில வெள்ளணு நல்லாக் குறையும், அப்ப கிருமி லேசாத் தொத்தும் எண்டதால சனக்கூட்டம் கூடாதுதான். முடிஞ்ச பிறகு அனேகமா அது திரும்ப ஏறிடும், இப்ப போகலாமோ எண்டு அவன்ர டொக்டர்தான் சொல்ல வேணும், நீங்கள் இல்லை. தேருக்கு வேண்டாமெண்டா சனம் குறைஞ்ச ஒரு நாள் காலமை ஓட்டோவில போய் வெளிவீதியில கொஞ்ச நேரம் இருந்திட்டு வரலாமோ எண்டு கேளுங்கோ. வரேல்ல எண்டு சொல்லட்டும், அது அவன்ர வாயால வரட்டும், அடுத்த தரமும் கேளுங்கோ.

இன்னுமொண்டு, கிளினிக் திகதி. மருந்து முடிஞ்சாலும் சில மாசத்துக்கொருக்கா செக்கப் இருக்கும், ஸ்கானுக்கு முதல் கிழமை நித்திரையே வராது. திகதியைக் கேட்டு உங்கட போனில குறிச்சு வையுங்கோ. ஸ்கான் எடுத்த அண்டைக்கே "ரிசல்ட் என்னவாம்" எண்டு கேக்காதேங்கோ, அது வர நாள் எடுக்கும், வந்தா அவனே சொல்லுவான். ஸ்கானுக்கு முதல் நாள் பின்னேரம் கோல் எடுத்து, வழமையா நீங்கள் கதைக்கிற கிரிக்கெட்டையோ ஊர்ப் புதினத்தையோ கதையுங்கோ, ஸ்கான் கதையை அவன் தொடங்கினா மட்டும் கதைச்சாக் காணும்.