வின் ரேட் 65 சதவீதம், கையில் நஷ்டம்: ஒரு டிரேடின் எக்ஸ்பெக்டன்சியைக் கணக்கிடும் முறை

பத்து டிரேடில் ஆறோ ஏழோ லாபத்தில் முடிகிறது, ஆனால் மாதக் கடைசியில் கணக்கில் பணம் குறைந்திருக்கிறது. இன்ட்ராடே செய்கிற பலருக்கும் இது பழகிய புதிர்தான். பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று காட்டுவதற்கு எக்ஸ்பெக்டன்சி என்றொரு கணக்கு இருக்கிறது. ஒரு டிரேடுக்குச் சராசரியாக எத்தனை ரூபாய் தேறுகிறது அல்லது போகிறது என்பதே அது. சூத்திரம் இவ்வளவுதான்:

```
E = (W × சராசரி லாபம்) − ((1 − W) × சராசரி நஷ்டம்)
```

W என்பது வின் ரேட். 65 சதவீதம் என்றால் 0.65 என்று எழுத வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கை வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கி அன்றைக்கே விற்கிறார். டிரேடு ஒன்றுக்கு 600 ரூபாய்க்கு மேல் நஷ்டம் போகக்கூடாது என்பது அவர் திட்டம். 60 டிரேடுகளில் 39 லாபம், 21 நஷ்டம். லாபங்களின் சராசரி 420 ரூபாய், நஷ்டங்களின் சராசரி 710 ரூபாய்.

0.65 × 420 = 273. 0.35 × 710 = 248.50. கழித்தால் டிரேடுக்கு 24.50 ரூபாய் லாபம். பரவாயில்லையே என்று தோன்றும். இனிதான் வேலை ஆரம்பம்.

படி 1: டிரேடுகளைச் சரியாக எண்ணுங்கள்

புரோக்கர் தளத்திலிருந்து பி அண்ட் எல் அறிக்கையை இறக்கி கூகுள் ஷீட்ஸில் திறந்துகொள்ளுங்கள். அதில் இருக்கும் வரிசைகளை அப்படியே டிரேடுகளாக எண்ணக் கூடாது. 200 பங்கு வாங்கி நூறு நூறாக இரண்டு தடவை விற்றிருந்தால், சில அறிக்கைகளில் அது இரண்டு வரிசையாக வரும். லாபத்தைப் பிரித்துப் பிரித்து எடுத்துவிட்டு, நஷ்டம் வந்தால் மொத்தமாக வெளியேறுவது பலரின் வழக்கம். அப்படிப்பட்டவருக்கு ஒரு லாபம் இரண்டாகவும் ஒரு நஷ்டம் ஒன்றாகவும் பதிவாகி, வின் ரேட் பொய்யாக உயர்ந்துவிடும். ஒரு முடிவில் உள்ளே போய் முழுதாக வெளியே வரும் வரை எல்லாம் ஒரே டிரேடு. அந்த வரிசைகளைக் கூட்டி ஒன்றாக்குங்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நஷ்டத்தில் மாட்டிக்கொண்ட இன்ட்ராடே பொசிஷனை மூன்று மணிக்கு மேல் டெலிவரியாக மாற்றிவிடுவது. அந்த நஷ்டம் இன்ட்ராடே கணக்கிலேயே ஏறாது. மாற்றிய அன்றைக்கு என்ன விலையோ அந்த விலையில் வெளியேறியதாக வைத்து ஷீட்டில் எழுதிவிடுங்கள். இதைச் செய்யாத கணக்கில் வரும் வின் ரேட்டுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

படி 2: செலவைக் கழியுங்கள்

பலர் தாண்டிப் போகிற படி இது. ஒரு லட்சத்துக்கு வாங்கி ஏறக்குறைய அதே தொகைக்கு விற்கும் ஓர் இன்ட்ராடே டிரேடில், ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கரிடம் என்ன போகிறது என்று பாருங்கள். வாங்க 20, விற்க 20 என புரோக்கரேஜ் 40 ரூபாய். விற்கும் பக்கம் மட்டும் 0.025 சதவீதம் எஸ்டிடி, அது 25 ரூபாய். என்எஸ்இ பரிவர்த்தனைக் கட்டணம் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 6. வாங்கும் பக்கம் முத்திரைத் தீர்வை 3. புரோக்கரேஜ் மீதும் பரிவர்த்தனைக் கட்டணத்தின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 8. செபி கட்டணம் சில பைசாக்கள். ஆக மொத்தம் ஏறத்தாழ 82 ரூபாய். விகிதங்கள் அவ்வப்போது மாறும், புரோக்கருக்குப் புரோக்கர் வேறுபடும். அதனால் உங்கள் கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரேடுக்கு 24.50 ரூபாய் தேறிய இடத்தில் 82 ரூபாய் செலவு! மிஞ்சுவது மைனஸ் 57.50. 60 டிரேடில் 3,450 ரூபாய் போய்விட்டது. இது மாதிரிக்காக ஊதிச் சொன்ன கதையில்லை. பங்குகளில் இன்ட்ராடே செய்யும் தனிநபர்களைப் பற்றி செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், 2022-23 நிதியாண்டில் பத்தில் ஏழு பேர் நஷ்டம் கண்டிருந்தார்கள். நஷ்டப்பட்டவர்கள் அந்த நஷ்டத்துக்கு மேல், அதில் 57 சதவீதத்துக்குச் சமமான தொகையை டிரேடிங் செலவாகவும் கொடுத்திருந்தார்கள்.

படி 3: ஷீட்டில் சூத்திரங்களைப் போடுங்கள்

C நிரலில் செலவுக்கு முந்தைய லாப நஷ்டம், D நிரலில் செலவு, E நிரலில் C-யிலிருந்து D-யைக் கழித்த நிகரம். 60 டிரேடுகள் 2-ஆம் வரிசையிலிருந்து 61 வரை இருப்பதாக வைத்து, H1 முதல் H5 வரை வரிசையாக இவற்றை எழுதுங்கள்:

```
=COUNTIF(E2:E61,">0")/COUNT(E2:E61)
=AVERAGEIF(E2:E61,">0")
=ABS(AVERAGEIF(E2:E61,"<=0"))
=H1*H2-(1-H1)*H3
=AVERAGE(E2:E61)
```

H4-உம் H5-உம் பைசா சுத்தமாக ஒன்றாக வர வேண்டும், ஏனென்றால் எக்ஸ்பெக்டன்சி என்பது வேறொன்றுமில்லை, மொத்த லாப நஷ்டத்தை டிரேடுகளின் எண்ணிக்கையால் வகுத்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றாவது சூத்திரத்தில் `<=0` என்பதற்குப் பதில் `<0` என்று போட்டிருப்பீர்கள், சரியாகச் சுழியில் முடிந்த டிரேடு விட்டுப்போயிருக்கும். இரண்டும் ஒத்துப்போய், ஆனால் இரண்டுமே தப்பாக வருவதும் உண்டு. சூத்திரத்தைக் கீழே வரை இழுத்துவிட்டு வரம்பையும் நீட்டியிருந்தால், காலி வரிசைகள் சுழியாக மாறி டிரேடுகளாக எண்ணப்படும். `COUNT` தரும் எண் 60-தானா என்று தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெறும் சராசரிதான் என்றால் இத்தனை சூத்திரம் எதற்கு? விடை H4-இல் இல்லை, அதற்கு மேலே உள்ள மூன்று எண்களில் இருக்கிறது. நம் மாதிரியில் 39 லாபங்களில் மூன்று, தலா 40 ரூபாய் லாபம் மட்டுமே. 82 ரூபாய் செலவு போனதும் அவை நஷ்டப் பக்கம் வந்துவிடுகின்றன. ஆகவே உண்மையான வின் ரேட் 36/60, அதாவது 60 சதவீதம். நிகர லாபச் சராசரி சுமார் 370, நிகர நஷ்டச் சராசரி சுமார் 698. ஆப்பில் பச்சையாகத் தெரிந்த மூன்று டிரேடுகள் உண்மையில் சிவப்பு.

படி 4: தேவையான வின் ரேட் எவ்வளவு?

சராசரி லாபத்தைச் சராசரி நஷ்டத்தால் வகுத்தால் வருவதை R என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கத் தேவையான வின் ரேட்:

```
1 / (1 + R)
```

R ஒன்றாக இருந்தால் பாதிக்குப் பாதி ஜெயித்தால் போதும். R இரண்டு என்றால் மூன்றில் ஒன்று போதும். R அரை என்றால் மூன்றில் இரண்டு தேவை. நம் மாதிரியில் 370-ஐ 698-ஆல் வகுத்தால் R = 0.53. தேவையான வின் ரேட் 65.4 சதவீதம், கையில் இருப்பது 60. குறைகிற ஐந்து சதவீதத்தைத் தேடி எல்லோரும் புது இண்டிகேட்டர் பக்கம்தான் ஓடுவார்கள். அதற்கு முன் R ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் மலிவான வழி.

படி 5: நஷ்டங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குங்கள்

C நிரலை வைத்து ஷீட்டை வரிசைப்படுத்துங்கள். மாதிரியில் மேலே நிற்கும் மூன்று நஷ்டங்கள் 2,400, 2,100, 1,950. மொத்தம் 6,450 ரூபாய். மற்ற 18 நஷ்டங்களின் சராசரி 470-தான். 600 ரூபாய் திட்டம் 18 தடவை காப்பாற்றப்பட்டிருக்கிறது, மூன்று தடவை ஸ்டாப் லாஸை எடுத்துவிட்டு, விலை திரும்பி வரும் என்று காத்திருந்திருக்கிறார்.

அந்த மூன்றும் 600-இல் நின்றிருந்தால் 4,650 ரூபாய் மிச்சம். மைனஸ் 3,450 என்பது பிளஸ் 1,200 ஆகும், டிரேடுக்கு 20 ரூபாய் தேறும். வின் ரேட்டில் கை வைக்கவே தேவையில்லை.

இங்கே அவசரப்பட்டுவிடக் கூடாது. ஸ்டாப் லாஸை நஷ்ட டிரேடுகளுக்கு மட்டும் போட்டுப் பார்ப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் ஏமாற்று. ஜெயித்த டிரேடுகளில் எத்தனை, நடுவில் 600 ரூபாய் நஷ்டத்துக்கும் கீழே போய்விட்டுத் திரும்பியவை? ஒவ்வொன்றுக்கும் உள்ளே போன நேரத்திலிருந்து வெளியே வந்த நேரம் வரை ஐந்து நிமிட சார்ட்டைத் திறந்து, மிகக் குறைந்த விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். 420 ரூபாய் லாபத்தில் முடிந்த இரண்டு டிரேடுகள் அப்படி இருந்தாலே, ஒவ்வொன்றும் பிளஸ் 420-இலிருந்து மைனஸ் 600 ஆகும். 2,040 ரூபாய் குறைந்து, பிளஸ் 1,200 என்பது மைனஸ் 840-இல் வந்து நிற்கும். அப்படி வந்தால் ஸ்டாப் லாஸ் வைத்திருக்கும் தூரமே அந்தப் பங்கின் வழக்கமான ஆட்டத்துக்குள் இருக்கிறது என்று அர்த்தம். தூரத்தைக் கூட்டிப் பங்கு எண்ணிக்கையைக் குறைத்தால் ரிஸ்க் அதே 600-இல் நிற்கும். ஒன்று, லாப டிரேடுகளின் லாபமும் அதே விகிதத்தில் சுருங்கும் என்பதால் E-யைத் திரும்பக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

படி 6: இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

60 டிரேடு குறைவுதான். எவ்வளவு குறைவு என்று அளக்க, E நிரலின் திட்ட விலக்கத்தை டிரேடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள்:

```
=STDEV(E2:E61)/SQRT(COUNT(E2:E61))
```

மாதிரியில் திட்ட விலக்கம் சுமார் 680 என்று வைத்தால் விடை 88. அதை இரட்டித்து மேலும் கீழும் விட்டுப் பாருங்கள். மைனஸ் 57.50 என்று நாம் பார்த்த எண்ணின் உண்மையான இடம் ஏறத்தாழ மைனஸ் 233-க்கும் பிளஸ் 118-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த இடைவெளியைப் பாதியாக்க நான்கு மடங்கு, அதாவது 240 டிரேடு வேண்டும். ஆகவே 60 டிரேடை வைத்து ஒரு முறையையே தூக்கி எறிவதும் சரியில்லை, பிளஸ் 57 வந்தவர் குவான்டிட்டியை இரட்டிப்பதும் சரியில்லை. செலவு மட்டும் இந்த ஊசலாட்டத்தில் சேராது. டிரேடுக்கு 82 ரூபாய் என்பது ஒவ்வொரு தடவையும் போகும். அதனால் எண்ணிக்கை சேரும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே கை வைக்கக்கூடிய இடம் அதுதான்: 82 ரூபாய்கூடத் தேறாத சின்ன இலக்குள்ள டிரேடுகளை விட்டுவிடுவது.

240 டிரேடு சேரும்போது, முறையை நடுவில் மாற்றியிருந்தால் பழையதையும் புதியதையும் ஒரே ஷீட்டில் கலக்காதீர்கள். F நிரலில் எந்த செட்டப் என்று ஒரு பெயர் எழுதி வைத்தால், பின்னால் `AVERAGEIF` கொண்டு ஒவ்வொரு செட்டப்பின் எக்ஸ்பெக்டன்சியையும் தனியாக எடுக்கலாம். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை குறையும் என்பதால், படி 6-ஐ ஒவ்வொரு பிரிவுக்கும் மறுபடி போட்டுப் பாருங்கள்.