மினிட்ஸ் நோட்டில் பிழை விழுந்தால் எப்படித் திருத்துவது?

சங்கக் கூட்டங்களில் நடந்ததை எழுதிவைக்கும் மினிட்ஸ் நோட்டு வாங்கும்போது தைத்துக் கட்டிய நோட்டாகப் பாருங்கள். ஸ்பைரல் வேண்டாம், தாளைக் கிழித்தால் தடமே இருக்காது. முதல் கூட்டத்துக்கு முன்பே எல்லாப் பக்கங்களுக்கும் பேனாவால் எண் போட்டு, மொத்தம் எத்தனை பக்கம் என்று முதல் பக்கத்தில் எழுதித் தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டுவிடுங்கள்.

அப்புறம் பிழைத் திருத்தம். பெயின்ட் செலவுக்கு 4,500 ஒப்புதல் ஆனது, நோட்டில் 5,400 என்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 5-ஐ அழுத்தி 4 ஆக்காதீர்கள், வெள்ளை மையும் கூடாது. 5,400 படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே 4,500 என்று எழுதுங்கள். அதன் அருகிலேயே செயலாளரும் தலைவரும் சுருக்கொப்பமிட்டுத் தேதி போட வேண்டும். இது தலைவர் அந்த மினிட்ஸில் கையெழுத்திடும் வரைதான். கையெழுத்தான பிறகு பிழை தெரிந்தால் பழைய பக்கத்தைத் தொடாமல், அடுத்த கூட்டத்தில் "பக்கம் 23-இல் 5,400 என்பதை 4,500 எனத் திருத்த" என்று தனித் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.

தலைவரின் கையெழுத்து கடைசி வரியை ஒட்டியே வரட்டும். இடைவெளி விட்டால் பிறகு யாராவது ஒரு வரியைச் செருகலாம். அடுத்த கூட்டத்தைப் புதுப் பக்கத்தில் தொடங்குவது வழக்கமென்றால், மிச்ச இடத்தில் குறுக்குக்கோடு போட்டு அதிலும் சுருக்கொப்பம். தவறிப்போய் ஒரு பக்கம் காலியாக விடுபட்டாலும் இதேதான், கூடவே 'ரத்து' என்று எழுதிவிடுங்கள். கிழிக்க மட்டும் வேண்டாம்.